இரண்டு வயது உயரத்தை இரண்டால் பெருக்குமுன்

“என் மகள் 176 சென்டிமீட்டர் வளர்வாள்” என்று உறவுக்காரப் பெண் ஒருவர் பூரிப்போடு சொன்னார். குழந்தைக்கு இரண்டு வயது மூன்று மாதம். கட்டிலில் தூங்கும்போது நாடாவை வைத்து அளந்திருக்கிறார். 88 சென்டிமீட்டர் வந்திருக்கிறது. அதை இரண்டால் பெருக்கிவிட்டார். அப்பா 168, அம்மா 155. அந்தக் கணக்கில் மூன்று தவறுகள் இருந்தன, மூன்றுமே உயரத்தைக் கூட்டிக் காட்டுபவை.

இரண்டு வயது உயரத்தை இரட்டித்தால் வளர்ந்தபின் இருக்கும் உயரம் கிடைக்கும் என்ற இந்த விதி வெறும் நம்பிக்கை இல்லை. பிறக்கும்போது குழந்தையின் நீளத்தைப் பெரிதும் தீர்மானிப்பது கருப்பைச் சூழல். பெற்றோரிடமிருந்து வந்த மரபு அதன்பிறகுதான் மெல்ல மேலோங்குகிறது. சிறியதாகப் பிறந்த குழந்தை எட்டிப் பிடிக்கும், பெரியதாகப் பிறந்தது நிதானப்படும். இரண்டு வயதுவாக்கில் பெரும்பாலான குழந்தைகள் தங்களுக்குரிய தடத்துக்கு வந்துவிடுகிறார்கள். அதனால்தான் பிறந்த நீளத்தைவிட இரண்டு வயது உயரம் எதிர்கால உயரத்தோடு நெருங்கிப் பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் 87.1 சென்டிமீட்டர், 19 வயதில் 176.5. பாதிக்கு மிக அருகில் இருக்கிறது. நினைவில் வைக்கவும் எளிது, பெருக்கவும் எளிது. விதி பரவியதில் வியப்பில்லை.

ஆனால் அது பொருந்துவது ஆண் குழந்தைக்கு. முதல் தவறும் பெரிய தவறும் இதை மறப்பதுதான். இரண்டு வயதில் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 85.7. இரட்டித்தால் 171.4 வரும், 19 வயதில் இருப்பதோ 163.2. எட்டு சென்டிமீட்டர் மிகை. பெண் குழந்தைகளின் உடல் எப்போதும் முதிர்ச்சியில் முந்தி நிற்கிறது. சீக்கிரம் பருவமடைந்து சீக்கிரம் வளர்ச்சியை முடிக்கிறது. ஆகவே பாதி உயரத்தையும் முன்பே, ஏறக்குறைய ஒன்றரை வயதிலேயே தொட்டுவிடுகிறார்கள். இரட்டிக்கத்தான் வேண்டுமென்றால் பெண் குழந்தைக்கு 18 மாத அளவை எடுக்க வேண்டும்.

இரண்டாவது, நாளைத் தவறவிடுவது. இந்த வயதில் குழந்தை மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. மூன்று மாதம் தள்ளி அளந்தால் இரண்டரை சென்டிமீட்டர் கூடும். பெருக்கியதும் அது ஐந்தாகிவிடும்.

மூன்றாவது, படுக்கவைத்து அளப்பது. படுத்த நீளம் நின்ற உயரத்தைவிடச் சராசரியாக 0.7 சென்டிமீட்டர் அதிகம். தூங்கும் குழந்தையின் முழங்கால் மடங்கியிருந்தால் பிழை வேறு பக்கமும் போகும். இரண்டு வயதுக்குப் பிறகு செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கவைத்து, தட்டையான பலகையைத் தலைமேல் வைத்துக் குறிப்பதுதான் முறை. எந்தப் பிழையும் இரண்டால் பெருகும் என்பதால் இரண்டு முறை அளந்து பாருங்கள்.

இப்போது அந்தக் குழந்தையின் கணக்கைத் திருத்துவோம். 88-இல் 0.7 போனால் 87.3. 27 மாதப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் 88.3. அதாவது அவள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறாள். அதே தடத்தில் போனால் வளர்ந்தபின் 161-க்குப் பக்கத்தில் நிற்பாள். பெற்றோர் உயரத்தையும் கேட்டுப் பார்க்கலாம்: இருவரின் உயரத்தையும் கூட்டி, பெண்ணுக்கு 13-ஐக் கழித்து (ஆணுக்குக் கூட்டி), பாதியாக்க வேண்டும். 168, 155, இரண்டும் சேர்ந்து 323, 13 போனால் 310, பாதி 155. ஆக, 155-க்கும் 161-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எதிர்பார்ப்பது நியாயம். 176 எங்கே, இது எங்கே!

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் வரை விலகல் வருவது இயல்பு. காரணம், பருவமடையும் காலம் இரண்டு வயதில் தெரியாது. சீக்கிரம் பருவமடையும் பிள்ளை பள்ளியில் உயரமாகத் தெரிந்து, மற்றவர்களுக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திவிடலாம். தாமதமாகும் பிள்ளை பின்னால் எட்டிப் பிடிக்கலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் நாள்பட்ட நோயுள்ள குழந்தைக்கும் இந்தப் பெருக்கலே வேண்டாம். துல்லியம் அவசியமானால் மருத்துவர்கள் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்த்துக் கணிக்கிறார்கள்.

நான் உண்மையில் அஞ்சுவது, பெருக்கி வந்த எண் நன்றாக இருக்கிறது என்று பெற்றோர் அதன்பின் அளப்பதையே விட்டுவிடுவதைத்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை வளர்ச்சி வரைபடத்தில் குறித்து வாருங்கள். இரண்டு வயதுக்குப் பிறகு குழந்தை தன் கோட்டை விட்டுத் தொடர்ந்து கீழே இறங்கினாலோ, நான்கு வயதிலிருந்து பருவமடையும்வரை ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட வளராவிட்டாலோ, அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு குழந்தைநல மருத்துவரிடம் போக வேண்டும்.