‘21 வயதுக்கு மேல்’ என்று எழுதாதீர்கள்

தமிழ்நாட்டு ஹோட்டல் உணவகத்துக்கான மது பரிமாறும் விதிகளைத் தமிழாக்கும்போது முதலில் இடறுவது வயதில்தான். ‘21 வயதுக்கு மேற்பட்டவர்’ என்று எழுதினால், 21 நிரம்பியவருக்கு உண்டா இல்லையா என்று பரிமாறுபவர் குழம்புவார். ‘21 வயது நிறைவடைந்தவர்’ என்பதே சரி. 10.3.2005-இல் பிறந்தவருக்கு 9.3.2026 அன்று கிடையாது, மறுநாள் உண்டு. இந்த உதாரணத்தையும் கூடவே சேர்த்துவிடுங்கள்.

‘உலர் நாள்’ என்றால் துணி காயப்போடும் நாளா என்று கேட்பார்கள்! ‘மது விற்பனை இல்லாத நாள்’ போதும். அக்டோபர் 2 மாறாது. மிலாது நபி பிறையைப் பொறுத்தது. அதனால் தேதிகளை விதிக்குள் எழுதாமல், ஆட்சியர் அறிவிப்பைப் பார்த்து மாற்றும் தனித் தாளில் வையுங்கள்.

‘விருந்தினர் வரம்பு’ என்பதும் வேண்டாம். மேசைக்கு எத்தனை பேர் என்று படிக்கத் தோன்றும். ‘ஒருவருக்கு அதிகபட்சம் 3 பெக், ஒரு பெக் 30 மி.லி.’ என ஹோட்டல் சொல்லும் அளவையே எழுதுங்கள். போதை ஏறியவருக்கு ‘மறுக்கலாம்’ என்பதா, ‘மறுக்க வேண்டும்’ என்பதா? மேலாளரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.