சிறுவர் பாட்டு வீடியோவுக்கு விவரம் எழுதும்போது நான் செய்த தவறுகள்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி நடத்தும் அக்கா ஒருவர் தானே மெட்டுப் போட்டு ஒரு பாட்டு செய்திருந்தார். கூடையில் ஒரு கொழுந்து, இரண்டு கொழுந்து என்று ஐந்து வரை எண்ணுகிற பாட்டு, இரண்டு நிமிடம்தான். நாலு பிள்ளைகள் கையில் குட்டிக் கூடையோடு ஆடுவார்கள். யூடியூபில் ஏற்றிக் கொடுக்கிற வேலை எனக்கு. ஏற்றியதும் கீழே விவரம் கேட்டது, நானும் மற்ற சேனல்களைப் பார்த்து இப்படி எழுதி வைத்தேன்:

"ஹாய் குட்டீஸ்! பாட்டு எப்படி இருக்கு? உங்க பேரு, வயசு, எந்த ஸ்கூல்னு கமெண்ட்ல சொல்லுங்க! பெல் பட்டனை அமத்துங்க! பிறந்தநாள் வாழ்த்து வேணும்னா போட்டோவை வாட்ஸப்புக்கு அனுப்புங்க. இது பெற்றோருக்கான வீடியோ, சிறுவர்களுக்கானது அல்ல. tamil rhymes, tamil kids songs, baby songs tamil, cartoon tamil, learn colors tamil…"

இதில் உருப்படியான வரி ஒன்றுகூட இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில் அந்தப் 'பெற்றோருக்கான வீடியோ' வரி. சிறுவர் வீடியோ என்று குறித்தால் வருமானம் குறையும் என்று யாரோ சொல்ல, தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைத்து எழுதியது. ஆனால் அதைத் தீர்மானிக்கிற இடம் விவரம் இல்லை. YouTube Studio-வில் Audience என்ற பகுதியில் "Yes, it's made for kids", "No, it's not made for kids" என்று இரண்டு தெரிவுகள் இருக்கும். அங்கே எதைத் தெரிவு செய்கிறோம் என்பதுதான் கணக்கு. பிள்ளைகள் ஆடுவது, எண்ணிக்கைப் பாட்டு, மழலை மொழி என்று எல்லாமே சிறுவர்களைக் கூப்பிடும்போது கீழே நாம் என்ன மறுப்பு எழுதினாலும் அது செல்லாது. தவறாகக் குறித்தால் யூடியூபே அதை மாற்றிவிடவும் கூடும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றத் தவறுகளும் தானாகப் புரியும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடமிருந்து பெற்றோரின் அனுமதி இல்லாமல் இணையத்தில் தனிப்பட்ட விவரம் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் போட்டார்கள், சுருக்கமாகக் கொப்பா என்பார்கள். சிறுவர் வீடியோ பார்க்கிறவர்களின் விவரத்தைத் திரட்டி விளம்பரம் காட்டியதாக வந்த குற்றச்சாட்டில் 2019இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டொலர் கட்டச் சம்மதித்தன. அதற்கப்புறம்தான் ஏற்றுகிற எல்லோரும் சிறுவர் வீடியோவா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். தலவாக்கலையில் இருந்து ஏற்றுகிற எங்களுக்கும் அதே கேள்விதான்.

Audience பகுதியில் அந்த 'Yes' என்பதைத் தெரிவு செய்ததும் கமெண்ட் பகுதி மூடிவிடும், மணிச் சின்னம் வேலை செய்யாது, வீடியோ முடிவில் வருகிற எண்ட் ஸ்கிரீனும் இடையில் வருகிற கார்டும் வராது, பார்க்கிறவரைப் பின்தொடர்ந்து காட்டுகிற விளம்பரமும் நின்றுவிடும். ஆக 'கமெண்ட்ல சொல்லுங்க, பெல் பட்டனை அமத்துங்க' என்பதெல்லாம் பூட்டிய கடைக்கு வழி சொல்கிற மாதிரி. அது வெறும் வீண் வரி, போகட்டும். பேர், வயது, பாடசாலை, போட்டோ கேட்பது வேறு கதை. சட்டம் எதைத் தடுக்க வந்ததோ அதையே நாம் கூப்பிட்டுக் கேட்கிறோம். பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிற சேனல்கள் நிறைய இருக்கின்றன, எல்லோரும் செய்கிறார்களே என்று நானும் செய்தேன். ஒருநாள் ஒரு பிள்ளை அம்மாவின் போனிலிருந்து தன் போட்டோவை அனுப்பிவிட்டது, அம்மாவுக்கே தெரியாது. அன்றைக்கே அந்த வரியையும் நம்பரையும் எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, எங்கள் விஷயத்தில் சற்றுக் கூடுதலாகவே யோசிக்க வேண்டியது. ஆடுகிற பிள்ளைகளின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் விவரத்தில் போடலாமே, பெற்றோர் சந்தோஷப்படுவார்கள் என்று அக்கா கேட்டார். தோட்டம் சின்ன இடம். பெயரும் டிவிசனும் தெரிந்தால் லயத்து வாசல் வரைக்கும் யாரும் வந்து நிற்கலாம். பெயர்களை வீட்டுக் குரூப்பில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, விவரத்தில் 'மலையக முன்பள்ளிப் பிள்ளைகள்' என்று மட்டும் விட்டோம்.

சரி, இதையெல்லாம் எடுத்துவிட்டால் தேடலில் எப்படி வரும்? நான் கடைசியில் கொட்டி வைத்த சொற்குவியல்தான் தேடலுக்கு உதவும் என்று நினைத்திருந்தேன். அது நேர்மாறு. விவரத்தில் சொற்களை இப்படி அடுக்குவதை யூடியூப் ஸ்பாம், ஏமாற்று வேலை என்ற கணக்கில் சேர்க்கிறது. அதிலும் 'cartoon', 'learn colors' என்றால் நம் வீடியோவில் கார்ட்டூனும் இல்லை, நிறமும் சொல்லிக் கொடுக்கவில்லை. கற்பிக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கற்பிக்காத சிறுவர் வீடியோவைத் தரம் குறைந்தது என்று அவர்கள் தனியாகவே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள், சேனலே பெரும்பாலும் அப்படி இருந்தால் வருமானத்தையும் நிறுத்தலாம்.

தேடுகிறவர் யார் என்று யோசித்தால் போதும். மூன்று வயதுப் பிள்ளை தட்டச்சு செய்யாது. தேடுவது அம்மா, அல்லது அடுத்த வார விழாவுக்குப் பாட்டு தேடுகிற ஆசிரியை. அவர் 'முன்பள்ளி சிறுவர் பாடல்' என்று தேடுவார், தமிழ்நாட்டில் இருந்து தேடுகிறவர் 'குழந்தைப் பாடல்' என்பார், இன்னும் பலர் ஆங்கில எழுத்தில் `tamil rhymes` என்றே அடிப்பார்கள். இந்த மூன்றும் ஒரு தடவை இயல்பான வாக்கியத்துக்குள் வந்தால் போதும். அதுவும் மேலே, முதல் இரண்டு வரிக்குள், ஏனென்றால் மீதியைத் திறந்து பார்க்கிறவர் குறைவு. டேக் பெட்டியில் நேரம் செலவழிக்காதீர்கள், எழுத்துப்பிழையோடு தேடப்படுகிற சொற்களைத் தவிர மற்றதுக்கு அதன் பங்கு மிகக் குறைவு என்று யூடியூபே சொல்கிறது. ஹேஷ்டேக் இரண்டு மூன்று போதும், அறுபதுக்கு மேல் போனால் ஒன்றையும் கணக்கில் எடுக்காது.

பாட்டு வரிகளை முழுதாகப் போட்டதுதான் எங்களுக்கு நல்ல பலன் தந்தது. வரி ஞாபகம் இருந்து பெயர் ஞாபகம் இல்லாதவர் அந்த வரியைத்தான் அடிப்பார். அக்காவின் சொந்தப் பாட்டு என்பதால் போட்டோம், மற்றவர் எழுதிய பாட்டு என்றால் அனுமதி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கடைசியில் நின்றது இது:

"கொழுந்துக் கூடை: ஒன்று முதல் ஐந்து வரை எண்ணப் பழகும் முன்பள்ளி சிறுவர் பாடல். மலையக முன்பள்ளிப் பிள்ளைகள் ஆடிக் காட்டும் இந்தக் குழந்தைப் பாடலை (tamil rhymes) வகுப்பிலும் வீட்டிலும் சேர்ந்து பாடலாம்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பிள்ளை கூடையில் ஒரு கொழுந்து போட வேண்டும். கொழுந்து இல்லாவிட்டால் எந்த இலையும் சரி.

பாடல் வரிகள்:
கூடை கூடை குட்டிக் கூடை
கூடைக்குள்ளே ஒரு கொழுந்து…

பாடலும் மெட்டும்: முன்பள்ளி ஆசிரியை
#சிறுவர்பாடல் #முன்பள்ளி #tamilrhymes"

'எந்த இலையும் சரி' என்ற வரி அக்கா சேர்த்தது. கொழும்பில் இருக்கிற பிள்ளை கொழுந்துக்கு எங்கே போகும் என்று கேட்டார்.