வைரச் சான்றிதழில் நாம் பார்க்காமல் விடும் வரி

தை, மாசியில் நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும் எங்கள் கும்பகோணம் கடைத்தெருவில் வைரத்தோடு விசாரிக்க வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். கல்லை எடைபோட்டுத் தரம் பார்த்துச் சொல்வது என் தொழில். வாங்கிவிட்டு என்னிடம் வருகிறவர்களில் பலர் சான்றிதழில் மூன்றே வரிகளைத்தான் படித்திருப்பார்கள்: எத்தனை சென்ட், என்ன நிறம், தெளிவு விவிஎஸ்ஸா இல்லையா. அதற்கு மேலே மில்லிமீட்டரில் ஒரு அளவு வரி இருக்கும். அதைப் படிக்காமல் விடுவதைத்தான் முதல் தவறு என்பேன். மற்ற வரிகள் உண்மையா என்று காட்டிக்கொடுப்பது அந்த வரிதான்.

திருவையாற்றுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகளின் கல்யாணத்துக்கு ஒற்றைக்கல் தோடு வாங்கி வந்தார். இரண்டு வட்டக் கற்கள், கல்லுக்கு ஒரு தாள். இரண்டிலும் எடை 0.50 காரட், அதாவது 50 சென்ட். இரண்டிலும் வெட்டு எக்ஸலென்ட், ஆழம் 61.7 சதவீதம். முதல் தாளின் அளவு 5.11 – 5.13 × 3.16. இரண்டாவதில் 4.78 – 4.81 × 3.16. முதல் இரண்டு எண்கள் கல்லின் மிகக் குறைந்த, மிக அதிக விட்டம். கடைசி எண் உயரம்.

"தம்பி, ரெண்டும் அம்பது சென்ட்தானே, ஒண்ணு ஏன் சின்னதாத் தெரியுது?" என்று கேட்டார். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது.

வட்டக் கல்லுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சராசரி விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061 ஆல் பெருக்கினால் காரட் எடை ஏறக்குறைய வந்துவிடும்.

முதல் கல்: 5.12 × 5.12 × 3.16 × 0.0061 = 0.505
இரண்டாவது கல்: 4.795 × 4.795 × 3.16 × 0.0061 = 0.443

முதல் தாள் பொருந்துகிறது. இரண்டாவதில் ஆறு சென்ட் இடிக்கிறது. கல்லின் இடுப்பு விளிம்பு தடிமனாக இருந்தால் எடை கொஞ்சம் கூடும். ஆனால் அது வழக்கமாக மூன்று நான்கு சதவீதத்துக்குள்தான் இருக்கும். இங்கே வித்தியாசம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல். அடுத்து ஆழத்தைப் பார்த்தேன். உயரத்தை விட்டத்தால் வகுத்தால் ஆழ சதவீதம் வரவேண்டும். 3.16 ஐ 4.795 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 66 வருகிறது, தாளில் 61.7 என்று இருக்கிறது. இவ்வளவு ஆழமான வட்டக் கல்லுக்கு எக்ஸலென்ட் வெட்டுத் தரம் கிடைக்காது. வைரங்களைத் தரம் பிரிக்கும் ஜிஐஏ ஆய்வகத்தின் அளவுகோலில் 63 சதவீதத்தைத் தாண்டினாலே அந்தத் தரம் போய்விடும். ஆழம் கூடினால் எடை அடியில் போய் ஒளிந்துகொள்ளும். மேலே பார்க்கக் கல் சின்னதாகவே இருக்கும்.

முதல் தாளை அப்படியே நகலெடுத்து, யாராவது கேஜ் வைத்து அளந்தால் மாட்டிக்கொள்ளாமலிருக்க விட்டத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. தாளில் இருந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டோம். முதல் எண் எல்லா விவரத்தோடும் வந்தது, இரண்டாவது வரவே இல்லை. பத்தரைக் கூப்பிட்டுக் கல்லைக் கழற்றித் தராசில் வைத்தோம். 44 சென்ட். இழப்பு ஆறு சென்ட்டோடு நிற்கவில்லை. அரை காரட்டைத் தொட்டதும் காரட் விலையே ஒரு படி ஏறும். அந்த ஏறிய விலையில் அவர் 44 சென்ட் கல்லை வாங்கியிருந்தார்.

எண் இணையத்தில் வந்துவிட்டால் எல்லாம் சரி என்று விட்டுவிடுவது இரண்டாவது தவறு. அப்படி ஒரு அறிக்கை உண்மையில் இருக்கிறது என்பதை மட்டுமே இணையதளம் சொல்லும். உங்கள் கையில் இருப்பது அந்த அறிக்கைக்குரிய கல்தானா என்பது அதற்குத் தெரியாது. இயற்கை வைரத்துக்குக் கொடுத்த அறிக்கை எண்ணை ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தின் இடுப்பில் லேசரால் பொறித்து விற்ற சம்பவங்களை ஜிஐஏவே கண்டுபிடித்து வெளியிட்டிருக்கிறது. அப்படிச் செய்கிறவர்கள் எடையும் நிறமும் ஒத்துவரும் கல்லாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆனால் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு வரை விட்டமும் உயரமும் ஒத்துவருவது அபூர்வம். குறைகளின் வரைபடம் உள்ள அறிக்கையாக இருந்தால், கல்லுக்குள் இருக்கும் புள்ளியும் கீற்றும் வரைபடம் காட்டும் இடத்திலேயே இருக்கின்றனவா என்று பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பில் பார்க்கவேண்டும். சிறிய கற்களுக்கான சுருக்க அறிக்கையில் வரைபடம் இருக்காது. அங்கே அளவு வரியும் பொறித்த எண்ணும்தான் துணை. ஐஜிஐ என்ற இன்னொரு ஆய்வகத்தின் தாளில் எண் LG என்று தொடங்கினால் அது ஆய்வகத்தில் வளர்த்த வைரம். அதை வாங்குவது குற்றமில்லை, இயற்கை வைரத்தின் விலை கொடுத்துவிடாதீர்கள்.

இந்தச் சோதனைகளைக் கல்லைக் கட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். நம் பக்கத்தில் பின்னால் தங்கத் தகடு மூடிய தோட்டை இன்னும் விரும்புகிறார்கள். மூடிவிட்டால் உயரத்தை அளக்க முடியாது, இடுப்பில் உள்ள எண் கண்ணுக்குப் படாது, மஞ்சள் தங்கத்தின் சாயல் கல்லில் ஏறி நிறமும் சரியாகத் தெரியாது. ஏழுகல் தோட்டுக்கு வரும் சான்றிதழை இதனால்தான் தனிக்கல் அறிக்கை போல நினைக்கக் கூடாது. அதில் பதினான்கு கல்லுக்கும் சேர்த்து ஒரே எடையும், நிறம் ஜி முதல் எச் வரை, தெளிவு விவிஎஸ் முதல் விஎஸ் வரை என்பது போன்ற வரம்பும்தான் இருக்கும். கட்டிய நிலையில் தெரிந்த அளவுக்குத் தரம் பார்த்தது என்று ஒரு குறிப்பும் இருக்கலாம். ஒவ்வொரு கல்லுக்கும் அது உறுதி சொல்வதில்லை.

நிறத்தையும் தெளிவையும் பொறுத்தவரை நான் முதலில் கேட்பது எந்த ஆய்வகம் என்பதைத்தான். ஒரு இடத்தில் ஜி என்று தரம் வாங்கிய கல் கண்டிப்பான இன்னொரு இடத்தில் எச் அல்லது ஐ என்று இறங்கலாம். கடையே அடித்துக்கொடுக்கும் அட்டையில் விவிஎஸ் என்று இருந்தால் அது கடைக்காரரின் சொல், அவ்வளவுதான். ஜிஐஏ அறிக்கையில் ரூபாய் மதிப்பு இருக்காது. அந்தப் பெயரில் வரும் தாளில் விலை அச்சிட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

'ப்ளூ ஜாகர்' என்ற பெயரையும் சொல்லவேண்டும், நம் வீடுகளில் அந்தப் பெயருக்கு அவ்வளவு மயக்கம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது. தர அளவுகோலில் அப்படி ஒரு படி கிடையாது. வெயிலில் நீலம் அடிக்கிறது என்று காட்டினால் அறிக்கையில் ஃப்ளோரசன்ஸ் வரியைப் பாருங்கள். அங்கே ஸ்ட்ராங் ப்ளூ என்று இருந்தால் நீலம் புற ஊதா ஒளியால் வருவது. நல்ல நிறத் தரமுள்ள கல்லில் சந்தை அதற்கு விலையைக் குறைக்கத்தான் செய்யும், நம் ஊரில் மட்டும் கூட்டிக் கேட்கிறார்கள்.

தோட்டில் ஹெச்யுஐடி எண் இருக்கிறதே என்று அந்த அம்மாவும் கேட்டார். அது தங்கத்தின் மாற்றுக்குத்தான். கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அவருடைய பில்லில் 'வைரத் தோடு 1 ஜோடி' என்று மட்டுமே இருந்ததால் கடையோடு பேசித் தீர்க்கப் பத்து நாள் ஆனது. மாற்றிக் கொடுத்த கல்லைக் கட்டுவதற்கு முன் அளந்து, எடைபோட்டு, அறிக்கை எண், எடை, விட்டம், உயரம், இயற்கை வைரம் என்பது வரை ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகப் புதிய பில்லில் எழுதி வாங்கினோம்.