குளத்தில் பிளாங்டன் பிடிக்க ஒரு வலை

மகளின் பள்ளி செயல்திட்டத்துக்காக, நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்களான பிளாங்டனைப் பிடிக்க மூன்று முறை குளத்துக்குப் போனோம். முதல் இரண்டு முறையும் வெறும் தண்ணீரோடுதான் திரும்பினோம்.

வலைக்குப் பழைய ஸ்டாக்கிங்ஸே போதும் என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. இழுத்துக் கட்டியதும் அதன் கண்கள் விரிந்துவிடும். நீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியா மாதிரி பெரியவை நிற்கும், அதைவிடப் பொடியான ரோட்டிஃபர் நழுவிவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள பாலியெஸ்டர் துணி கேளுங்கள். அதன் கண் ஏறக்குறைய 50 மைக்ரான்.

20 செ.மீ. எம்பிராய்டரி வளையத்தில் துணியைப் புனல் வடிவில் தைத்துக்கொள்ளுங்கள். நீளம் அரை மீட்டர். கூர்முனையில் 50 மி.லி. பாட்டிலின் கழுத்தைச் செருகி, கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பாட்டில் அமிழ ஒரு நட்டு கட்டினால் போதும். வளையத்திலிருந்து மூன்று கயிறுகள் ஒரே முடிச்சில் சேர, அங்கிருந்து இழுகயிறு.

விடியற்காலையில் போங்கள். வெயில் ஏறினால் விலங்கு வகைப் பிளாங்டன்களில் பல ஆழத்துக்கு இறங்கிவிடும். படித்துறையில் நின்றபடி வலையை வீசி மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் தண்ணீர் வலைக்குள் புகாமல் வாய்க்கு முன்னாலேயே ஒதுங்கி ஓடும்.

இனிதான் நான் கோட்டைவிட்ட இடம். வலையைத் தூக்கியதும் பாட்டிலைக் கழற்றினேன், உள்ளே ஒன்றுமில்லை. பிடிபட்டதெல்லாம் துணியின் உட்பக்கம் பச்சைப் பிசினாக ஒட்டியிருந்தது! வாய் மட்டும் நீருக்கு மேலே இருக்கும்படி வலையை நான்கைந்து முறை அமிழ்த்தித் தூக்குங்கள். வெளியிலிருந்து வரும் நீர், ஒட்டியதைக் கழுவிப் பாட்டிலுக்குள் இறக்கும். வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றினால் வடிகட்டாத குப்பையும் சேரும்.

பிடித்ததை அகன்ற ஜாடியில் பாதியளவு ஊற்றி, மூடாமல் நிழலில் வையுங்கள். நெருக்கடியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அன்றே பார்த்துவிடுங்கள்.

மைக்ரோஸ்கோப்பின் 4x லென்ஸில் தொடங்கலாம். சைக்ளாப்ஸ் என்ற சின்ன உயிரி துள்ளித் துள்ளி ஓடும். அதன் வேகத்தை அடக்க, கிளிசரினைவிட எனக்குப் பிடித்தது பஞ்சு: நாலு இழை பிரித்துத் துளியில் போட்டால் அதில் சிக்கி நிற்கும். அதன் ஒற்றைக்கண் தெளிவாகத் தெரியும், பெண் என்றால் வாலருகே இரண்டு முட்டைப் பைகளும். டாப்னியாவின் முதுகுப் பக்கம் இதயம் படபடப்பதை மகள் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள மைக்ரோஸ்கோப் என்றால் அதை நேரடி வெயிலுக்குத் திருப்பவே கூடாது, கண் போய்விடும்.

தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல் இருந்தால் அந்தக் குளம் வேண்டாம். நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள், முடிந்ததும் சோப்பு. மிச்சத்தை அதே குளத்தில் ஊற்றிவிட்டு, வலையை நன்றாகக் காயவைத்த பிறகே வேறு குளத்துக்கு எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை: ஒரு லிட்டருக்கு எத்தனை என்று எண்ணவேண்டுமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 5 மீட்டர் இழுத்தால் கணக்குப்படி 157 லிட்டர் வடியும், ஆனால் துணி அடைத்துக்கொண்டால் அது குறையும். எண்ணுவதற்கு இழுக்காமல், 10 லிட்டர் வாளியால் பத்து முறை மொண்டு வலையில் ஊற்றுங்கள். 100 லிட்டர், அதில் சந்தேகமில்லை.