ClF3-க்கு வடிவம் கேட்டால் மதிப்பெண் எங்கே போகிறது?

விடைத்தாள் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: "ClF3-இன் இனக்கலப்பு sp3d, எனவே வடிவம் முக்கோண இருபிரமிடு." முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில் மதிப்பெண் போயிற்று. எழுதியவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. எலக்ட்ரான் இரட்டைகள் அமர்ந்திருக்கும் அமைப்பும் மூலக்கூறின் வடிவமும் ஒன்றே என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். இனக்கலப்பு என்பது மைய அணுவைச் சுற்றி மொத்தம் எத்தனை இரட்டைகள் உள்ளன என்பதைச் சொல்கிறது. வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்கள் நிற்கும் இடங்களை மட்டும்தான் பார்க்க வேண்டும். தனித்த இரட்டைகள் இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தாலும் பெயரில் வருவதில்லை.

ஆகவே எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். தேர்வறையில் பலரும் பயன்படுத்துவது இந்தச் சூத்திரம்:

H = ½ (V + M − C + A)

H என்பது மைய அணுவைச் சுற்றியுள்ள மொத்த இரட்டைகளின் எண்ணிக்கை. V என்பது மைய அணுவின் இணைதிற எலக்ட்ரான்கள். M என்பது அதோடு சேர்ந்த ஒற்றை இணைதிற அணுக்கள், அதாவது ஹைட்ரஜனும் ஹாலஜன்களும். C நேர்மின் சுமை, A எதிர்மின் சுமை. இதில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, ஆக்சிஜனையும் M-இல் சேர்த்துவிடுவது. ஆக்சிஜன் ஒற்றை இணைதிற அணு அல்ல, அதற்குப் பூஜ்யம்தான். SO3-க்கு ½ (6 + 0) = 3, எனவே sp2. மூன்று ஆக்சிஜனையும் சேர்த்து ஒன்பதைப் பாதியாக்கினால் 4.5 வரும். பின்னம் வந்ததும் பலர் பதறி, தோன்றியதை எழுதிவிடுகிறார்கள்.

இன்னொன்று சுமை. I3⁻-ஐயும் I3⁺-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடு அயோடின் மைய அணு, ஓரத்து இரண்டும் M. எதிர் அயனிக்கு ½ (7 + 2 + 1) = 5. நேர் அயனிக்கு ½ (7 + 2 − 1) = 4. முதலாவது நேர்கோடு, இரண்டாவது வளைந்தது. கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் இரண்டு விடையும் இடம் மாறிவிடும்.

சரி, ClF3-க்கு வருவோம். ½ (7 + 3) = 5. ஐந்து இரட்டைகளில் மூன்று பிணைப்பு இரட்டைகள், மீதி இரண்டு தனித்தவை. ஐந்து இரட்டைகளும் முக்கோண இருபிரமிடாக அமரும். இனித்தான் உண்மையான கேள்வி: அந்த இரண்டு தனித்த இரட்டைகளும் எந்த இடங்களில் உட்காரும்?

இங்கே மாணவர்களைக் கவிழ்ப்பது XeF4. அதில் ஆறு இரட்டைகள், இரண்டு தனித்தவை. அவை ஒன்றுக்கொன்று எதிரெதிரே, 180 பாகையில் உட்காரும், நான்கு புளூரின்களும் ஒரே தளத்தில் சதுரமாக நிற்கும். இதைப் படித்துவிட்டு, "தனித்த இரட்டைகள் எப்போதும் எதிரெதிரே" என்று மனதில் பதித்துக்கொள்கிறார்கள். அதே பழக்கத்தில் ClF3-இல் மேலே ஒன்று, கீழே ஒன்று வைத்து, சமதள முக்கோணம் என்று எழுதிவிடுவார்கள். எண்முகியில் ஆறு இடங்களும் ஒரே மாதிரி, அதனால் அந்த விதி அங்கே சரி. முக்கோண இருபிரமிடில் இடங்கள் இரண்டு வகை. மேலும் கீழும் உள்ள அச்சு இடங்கள் இரண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் 90 பாகையில் மூன்று அண்டை வீடுகள். நடுத்தளத்தில் உள்ள இடங்கள் மூன்று. இவற்றுக்கு 90 பாகையில் இரண்டே அண்டை வீடுகள், மற்ற இரண்டும் 120 பாகை தள்ளி இருக்கின்றன. இடத்தை அதிகம் அடைக்கும் தனித்த இரட்டை, நெரிசல் குறைந்த நடுத்தளத்தைத்தான் தேடும்.

இதை நம்பச் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கலாம். 90 பாகையில் வரும் விலக்கங்களை மட்டும் எண்ணினால் போதும்.

இரண்டும் அச்சில் இருந்தால், ஒவ்வொரு தனித்த இரட்டையும் மூன்று பிணைப்புகளை முட்டும். மொத்தம் 6 தனித்த-பிணைப்பு விலக்கங்கள்.

ஒன்று அச்சிலும் ஒன்று நடுத்தளத்திலும் இருந்தால், தனித்த இரட்டைகள் இரண்டும் 90 பாகையில் நேருக்கு நேர் மோதும். எல்லாவற்றிலும் கடுமையான விலக்கம் அதுதான். வேறெதையும் எண்ணாமலே இதைத் தள்ளிவிடலாம்.

இரண்டும் நடுத்தளத்தில் இருந்தால், ஒவ்வொன்றும் அச்சில் உள்ள இரண்டு பிணைப்புகளை மட்டும் முட்டும். மொத்தம் 4 தனித்த-பிணைப்பு விலக்கங்கள், கூடவே 2 பிணைப்பு-பிணைப்பு விலக்கங்கள். அவை வலுக் குறைந்தவை.

மூன்றாவதுதான் வெல்கிறது. அணுக்களை மட்டும் பார்த்தால் T வடிவம். அச்சுப் புளூரின்கள் இரண்டையும் தனித்த இரட்டைகள் தள்ளுவதால், அவை மூன்றாவது புளூரின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். கோணம் 90 அல்ல, சுமார் 87.5 பாகை. நெரிசலின் தடயம் பிணைப்பு நீளத்திலும் தெரியும்: அச்சில் உள்ள Cl–F சுமார் 170 பிகோமீட்டர், நடுத்தளத்தில் உள்ளது சுமார் 160. "எல்லா Cl–F பிணைப்புகளும் சமநீளமா?" என்ற கேள்வி வந்தால் விடை இங்கேயே இருக்கிறது.

இது கைவசமானால் அந்தக் குடும்பமே புரிந்துவிடும். SF4-இல் ஒரு தனித்த இரட்டை நடுத்தளத்தில் அமரும், வடிவம் பூங்காவில் இருக்கும் சீ-சா மாதிரி. நான்முகி என்று எழுதுவது இதற்கான வழக்கமான தவறு. XeF2-இலும் I3⁻-இலும் மூன்று தனித்த இரட்டைகள் நடுத்தளத்தை முழுதாக நிரப்பும், அணுக்கள் அச்சில் நேர்கோடாக நிற்கும். அப்புறம் இன்னொரு தவறு முளைக்கும்: "நேர்கோடு என்றால் sp." இல்லை. BeCl2-உம் நேர்கோடு, XeF2-உம் நேர்கோடு. முன்னது sp, பின்னது sp3d. வடிவத்தைப் பார்த்து இனக்கலப்பை ஊகித்தால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். எண்ணிக்கையிலிருந்து வடிவத்துக்குப் போகலாம், வடிவத்திலிருந்து எண்ணிக்கைக்குத் திரும்ப முடியாது.

எண்ணிக்கை எல்லா இடத்திலும் உதவும் என்றும் நினைக்க வேண்டாம். H2S-க்கும் நீருக்கும் சூத்திரம் தரும் விடை ஒன்றே, 4. ஆனால் நீரில் கோணம் 104.5 பாகை, H2S-இல் சுமார் 92. கந்தகம் கிட்டத்தட்ட p ஆர்பிட்டால்களையே பயன்படுத்துகிறது என்றுதான் இந்த 92-க்கு விளக்கம் சொல்வார்கள். PH3-இலும் இதே கதை, கோணம் 93.5. கோணத்தின் எண்ணைக் கேட்டால் "sp3, எனவே 109.5-ஐவிடச் சற்றுக் குறைவு" என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்.

இடைநிலை உலோக அணைவுகளுக்கு இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது. [NiCl4]²⁻ நான்முகி, [Ni(CN)4]²⁻ சதுர தளம். இரண்டிலும் Ni²⁺, இரண்டிலும் நான்கு ஈனிகள். இங்கே வித்தியாசம் வருவது d எலக்ட்ரான்களிலும் ஈனியின் வலிமையிலும்தான், தனித்த இரட்டைகளின் எண்ணிக்கையில் அல்ல.