‘எல்லாம் ஆன்மாவே’ எந்த உபநிஷத்து? இடம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நெல்லைப் பக்கம் கும்பாபிஷேக மலரோ மடத்து ஆண்டு மலரோ அச்சுக்குப் போனால், முதல் நாலைந்து பக்கத்துக்குள் ‘எல்லாம் ஆன்மாவே என்று உபநிஷத்து சொல்கிறது’ என்ற வரி கட்டாயம் வரும். எந்த உபநிஷத்து என்று கட்டுரை எழுதிய பெரியவரைக் கேட்டால், மெய்ப்புப் பார்க்கும் பையனிடமே தள்ளிவிடுவார்: “நீயே பாத்து நம்பரப் போட்டுருடே.” அந்தப் பையன் எங்கெங்கே சறுக்குகிறான் என்பதுதான் இங்கே விஷயம். எழுத்துப்பிழை, எண் மாறிப்போவது போன்றவை எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

தமிழ்ப் பொருளை வைத்து மூலத்தைத் தேடுவது

மற்றதை எல்லாம் மன்னிக்கலாம், இதைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது. தாமிரபரணிக் கரையில் ஒரு பஜனை மடத்துச் சுவரில் பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். மேலே ‘ஸர்வம் கல்விதம் ப்ரஹ்ம’, கீழே ‘எல்லாம் ஆன்மாவே’, அதற்கும் கீழே ‘பிருஹதாரண்யகம் 2.4.6’. மூன்றும் மூன்று வழி. மேலே உள்ள வடமொழி சாந்தோக்கியம் 3.14.1, சாண்டில்ய வித்தையின் தொடக்கம். அங்கே பேச்சு பிரம்மத்தைப் பற்றியது. எண் யாக்ஞவல்கியர் தன் மனைவி மைத்ரேயிக்குச் சொன்ன இடத்துக்கு உரியது. நடுவில் உள்ள தமிழோ இரண்டு மூன்று வாக்கியங்களுக்குப் பொருந்தும். மலரில் பிழை என்றால் ஒட்டுச்சீட்டு ஒட்டிச் சமாளிக்கலாம். கல்லில் வெட்டியதை என்ன செய்வது?

பையன் தமிழ் வரியைப் படித்ததும், பழக்கத்தில் இருக்கும் ஒரு வடமொழி வரி அவன் நினைவுக்கு வருகிறது. அதையே மூலம் என்று எடுத்துக்கொள்கிறான். ‘இதெல்லாம் அதுவே’ என்ற அச்சில் வார்த்த வாக்கியங்கள் உபநிஷத்துகளில் பல உண்டு. தமிழில் பெயர்த்தால் அவை ஒன்றுபோலவே ஆகிவிடும். ‘எல்லாம் ஆன்மாவே’ என்பதற்கு நேராக நிற்பவை இரண்டு. ஒன்று ‘ஆத்மைவேதம் ஸர்வம்’, சாந்தோக்கியம் 7.25.2, நாரதருக்கு சனத்குமாரர் சொன்னது. மற்றது ‘இதம் ஸர்வம் யதயமாத்மா’, பிருஹதாரண்யகம். ‘ஐததாத்ம்யம் இதம் ஸர்வம்’ என்ற மூன்றாவது ஒன்றும் கூடவே வந்து நிற்கும். அது சாந்தோக்கியம் 6.8.7. ‘தத் த்வம் அஸி’யோடு சேர்ந்து ஒன்பது தடவை வருவது.

எழுதியவர் வடமொழி வரியைத் தரமுடியாது என்றால் கட்டுரையில் முன்னும் பின்னும் பாருங்கள். இரண்டு மனைவியர், சொத்துப் பிரிப்பது, கணவன் பிரியமாக இருப்பது கணவனுக்காக அல்ல என்ற பேச்சு வந்தால் பிருஹதாரண்யகம். ‘கீழே, மேலே, மேற்கே, கிழக்கே’ என்று திசைகளை எண்ணிக்கொண்டு போனாலோ, ‘பூமா’ என்ற சொல் கண்ணில் பட்டாலோ சாந்தோக்கியம் ஏழாம் அத்தியாயம். சுவேதகேது வந்தால் ஆறாம் அத்தியாயம். இந்த அடையாளம் ஒன்றுமே இல்லையா? எண் போடாதீர்கள். ‘உபநிஷத்து’ என்று மட்டும் விட்டுவிடுங்கள். எண் இல்லாததால் யாரும் வழிதவறமாட்டார்கள்.

முதலில் கிடைத்த இடத்தோடு நின்றுவிடுவது

மைத்ரேயி பகுதிதான் என்று உறுதியாகிவிட்டது, 2.4.6 கிடைத்துவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதே உரையாடல் பிருஹதாரண்யகத்தில் இன்னொரு தடவை, நாலாம் அத்தியாயம் ஐந்தாம் பிராமணத்தில் வருகிறது. நம் வரி அங்கே 4.5.7. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் பிரித்தறிய வழி உண்டு.

வரிக்கு முன்னே பட்டியல் ஒன்று ஓடும்: பிராமண வர்ணம், க்ஷத்திரிய வர்ணம், உலகங்கள், தேவர்கள், உயிர்கள். இவையெல்லாம் இந்த ஆத்மாவே என்று முடியும். அந்தப் பட்டியலில் தேவர்களுக்குப் பின் ‘வேதங்கள்’ என்று ஒன்று கூடுதலாக இருந்தால் அது 4.5.7. 2.4.6இல் வேதம் கிடையாது. உப்பு உவமையும் காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் போட்ட உப்புக்கட்டி கரைந்து, திரும்ப எடுக்கமுடியாமல் போனால் 2.4. உள்ளும் புறமும் இல்லாத, முழுக்கச் சுவையே ஆன உப்புத்திரள் என்று வந்தால் 4.5. யாக்ஞவல்கியர் ‘அமிர்தத்துவம் இவ்வளவுதான்’ என்று சொல்லிக் கிளம்பிப் போகிற முடிவும் 4.5க்கே உரியது.

வரி மட்டும் தனியாக நின்றால் இரண்டு எண்ணையும் போடுவதே நேர்மை.

இன்னொரு சிக்கல், பாடம், அதாவது இந்த உபநிஷத்து வழங்கிவரும் இரண்டு வடிவம். சங்கரர் உரை எழுதியது காண்வ பாடத்துக்கு. நம் ஊரில் புழங்கும் புத்தகங்களின் எண்கள் அதன்படிதான். மாத்யந்தின பாடத்தைப் பின்பற்றும் பதிப்பில் இதே பகுதி சதபத பிராமணம் 14.5.4 என்று கிடக்கும், இரண்டாவது வருகை 14.7.3இல். புத்தகத்தில் 2.4.6ஐத் தேடி வேறு ஏதோ வந்தால், புத்தகம் தப்பு என்று முடிவு கட்டாமல் முகப்பில் எந்தப் பாடம் என்று பாருங்கள்.

தமிழ் எழுத்தில் தட்டித் தேடுவது

தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றில் ‘யத³யமாத்மா’ என்று தலைமேல் எண் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ‘ஸர்வம்’, ‘சர்வம்’ என்ற வேறுபாடு வேறு. கணினிக்கு இவை எல்லாம் தனித்தனிச் சொற்கள். தேவநாகரியில் தேடினாலும் ‘இதம் ஸர்வம்’ என்று தொடங்கவேண்டாம். ஸகரத்துக்கு முன் வரும் அனுஸ்வாரத்தை யஜுர்வேத, சாமவேதப் பதிப்புகளில் வேறு குறியிட்டு அச்சிடுவதுண்டு. அதனால் வரி அங்கே இருந்தும் தேடலில் சிக்காது. அனுஸ்வாரம் படாத துண்டாகத் தேடுங்கள்:

```
यदयमात्मा
yad ayam ātmā
आत्मैवेद
```

ரோமன் எழுத்துப் பதிப்புகளில் சொற்களைப் பிரித்து வைத்திருப்பார்கள் என்பதால் இரண்டாவது வடிவம். இணையம் இல்லாத இடத்தில் ஜி. ஏ. ஜேக்கப் தொகுத்து 1891இல் பம்பாயில் வந்த ‘உபநிஷத்வாக்கியகோசம்’ உதவும். முக்கிய உபநிஷத்துகளும் கீதையும் அதில் சொல் அகரவரிசைப்படி இருக்கின்றன. ஒரே சொல்லின் கீழ் எல்லா இடமும் வந்துவிடுவதால், 2.4 பார்த்தவர் 4.5ஐத் தவறவிட வழியில்லை.

‘புருஷ ஏவேதம் ஸர்வம்’

இதுவும் அதே அச்சில் வார்த்த வரிதான், ஆனால் மூலம் ரிக்வேதம் 10.90.2. சுவேதாசுவதரம் 3.15 அதை எடுத்தாள்கிறது.

‘வாஸுதேவ: ஸர்வம்’

இதுவும் அதே அச்சு, ஆனால் உபநிஷத்து அல்ல, கீதை 7.19.

நடுப்படியை முடிவாக எடுப்பது

சாந்தோக்கியம் 7.25இல் மூன்று படி உண்டு. முதலில் ‘அதுவே இதெல்லாம்’, அடுத்து ‘நானே இதெல்லாம்’, கடைசியில் ‘ஆத்மாவே இதெல்லாம்’. முதல் இரண்டும் 7.25.1, மூன்றாவது 7.25.2. ‘அஹமேவேதம் ஸர்வம்’ என்ற நடு வரியை எடுத்து 7.25.2 என்று எண் போட்டுவிடுகிறார்கள். ‘நான்’ என்பதை உடம்பாக எடுத்துக்கொள்ள இடம் வந்துவிடக்கூடாதே என்றுதான் மூன்றாவது படியே சொல்லப்படுகிறது என்று சங்கரர் உரை விளக்குகிறது. மேற்கோளை நடுவில் வெட்டினால் அந்த இடத்தின் கதியே போய்விடும்.

எண்ணோடு உரையையும் இழுத்து வருவது

சங்கரர் வழியில் போகும் கல்லிடைக்குறிச்சி மலருக்குப் பார்த்துக் கொடுத்த மொழிபெயர்ப்பை அப்படியே ராமானுஜர் வழியில் போகும் நாங்குநேரி மலருக்கும் ஒட்டுவது நடக்கிறது. மைத்ரேயி பகுதியை பிரம்மசூத்திரம் 1.4.19 முதல் 22 வரை எடுத்து ஆராய்கிறது. சங்கரரும் ராமானுஜரும் அங்கே இரண்டு வழியில் போகிறார்கள். ராமானுஜர் உரையில் எல்லாம் ஆத்மாவுக்கு உடம்பாக இருப்பதால் ‘ஆத்மாவே’ எனப்படுகிறது. எண் இருவருக்கும் பொது, விளக்கம் அப்படி இல்லை. ஆகவே மலரில் மூல வரி, ‘பிருஹதாரண்யகம் (காண்வம்) 2.4.6, 4.5.7’, அதன் கீழே யாருடைய உரைப்படி தமிழ் என்ற குறிப்பு, இந்த மூன்றும் அச்சுக்குப் போகவேண்டும்.