அப்ராக்சியாவா, பலவீனமா, புரியவில்லையா? பக்கவாத நோயாளியிடம் பிரித்துப் பார்க்கும் முறை

பினாங்கில் பக்கவாத நோயாளிகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுக்கும் என்னிடம், பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "சீப்பால் தலை வாருவதுபோல் காட்டுங்கள் என்றேன், செய்யவில்லை. நான் சொன்னது புரியவில்லையா, கை வரவில்லையா?" இந்த இரண்டு பதில்களைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. சொன்னது புரிகிறது, கையில் பலம் இருக்கிறது, ஆனாலும் பழகிய செயலைக் கை உருவாக்க முடியாமல் திண்டாடுகிறது. அதுதான் அப்ராக்சியா.

வகைகள் பல இருந்தாலும் ஆரம்பத்தில் நான்கு தெரிந்தால் போதும். செயல் மனதில் இருந்தும் கை அதைச் சரியான வடிவில் காட்டத் தவறுவது ஐடியோமோட்டார். எந்தப் பொருள் எதற்கு, எதற்குப் பின் எது என்பதே குழம்புவது ஐடியேஷனல். விரல்களின் நுணுக்கம் மட்டும் போவது லிம்ப்-கைனெட்டிக். ஊதுவது, நாக்கை நீட்டுவது போன்றவை சொன்னால் வராமல் போவது வாய்-முக அப்ராக்சியா. உடை உடுத்துவதிலும் படம் வரைவதிலும் வரும் சிக்கல்களுக்கும் இதே பெயர் உண்டு. அவை பெரும்பாலும் இட உணர்வுக் கோளாறுகள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

பட்டர்வொர்த்தில் இருந்து வரும் 62 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறையில் தொழிற்சாலை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வலதுகைப் பழக்கம். மூளையின் இடது பக்கத்தில் பக்கவாதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வலது கை கட்டிலின் மேல் நகரும், ஆனால் தூக்க முடியாது. பேச்சு ஓரிரு சொற்களோடு நின்றுவிடுகிறது. மகள் சொல்வது: "சொன்னா செய்யமாட்டேங்கிறாங்க. ஆனா பேரன் கிளம்பும்போது டாட்டா காட்டுறாங்க." இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தானாக வரும் அசைவு, கேட்கும்போது வராமல் போவது அப்ராக்சியாவில் வழக்கமாகக் காண்பது. வீட்டார் அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

படி 1: பலவீனம் இல்லாத கையைச் சோதியுங்கள்

வலது கை வராது என்பது தெரிந்ததுதான். எனவே இடது கையைப் பார்க்கிறோம். பலருக்கு இது விசித்திரமாகத் தோன்றும்: நல்ல கையில் என்ன கோளாறு இருக்கப் போகிறது? வலதுகைப் பழக்கம் உள்ள பெரும்பாலோருக்குப் பழகிய செயல்களின் அமைப்பை மூளையின் இடது பக்கம்தான் இரு கைகளுக்கும் தருகிறது. அங்கே அடி விழுந்தால், பலம் குறையாத இடது கையும் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பலவீனத்தின் தலையில் போட முடியாது.

முதலில் இடது கையைத் தூக்கச் சொல்லி அழுத்திப் பாருங்கள். விரல் தட்டுவது, மூக்கைத் தொடுவது, கண்ணை மூடிக்கொண்டு எந்த விரலைத் தொட்டோம் என்று காட்டுவது எல்லாம் சரியாக இருக்க வேண்டும். நடுக்கமோ விறைப்போ இருந்தால் அதையும் எழுதிவையுங்கள். நம் அம்மாவுக்கு இடது கை முழு பலத்தோடு இருக்கிறது.

அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று. இடது கையால் சாப்பிடுவதுபோல் காட்டச் சொன்னால் வயதான தமிழர் பலர் தயங்குவார்கள், சிலர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அது பண்பாடு, அப்ராக்சியா இல்லை. சாப்பிடுவது, பிறருக்குக் கொடுப்பது போன்றவற்றைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டுச் சீப்பு, பல் தூரிகை, சுத்தியல், சாவி, கத்தரிக்கோல் என்று வையுங்கள். இரு கை கூப்பும் வணக்கமும் வேண்டாம், வலது கை ஒத்துழைக்காது. இன்னொன்று, பழகாத கை என்பதால் யாருக்குமே கொஞ்சம் அசடாகத்தான் வரும். வேகத்தையும் நளினத்தையும் மதிப்பிடாதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்.

படி 2: புரிகிறதா என்பதைக் கைவேலை இல்லாமல் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. "கண்ணை மூடுங்கள்" என்றதும் மூடினார், ஆகவே எல்லாம் புரிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கண்ணை மூடுவது, எழுந்து நிற்பது போன்ற கட்டளைகளை, புரிதல் மிகவும் குறைந்த நோயாளிகள்கூடச் சில நேரம் செய்துவிடுவார்கள். அதை வைத்து "சீப்பால் வாருவதுபோல் காட்டுங்கள்" என்பதும் புரிந்தது என்று சொல்ல முடியாது.

நம்பகமான வழி ஒன்று உண்டு. நீங்களே மூன்று செயல்களை வெறும் கையால் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுங்கள்: சாவி திருப்புவது, தலை வாருவது, சுத்தியலால் அடிப்பது. "இதில் தலை வாருவது எது?" என்று கேளுங்கள். சரியானது வரும்போது அவர் உங்கள் கையைத் தொட்டால் போதும். அவர் எந்தச் செயலையும் செய்து காட்ட வேண்டியதில்லை, ஆனால் சொல்லும் புரிய வேண்டும், செயலின் வடிவமும் தெரிய வேண்டும். வரிசையை மாற்றி, வேறு வேறு செயல்களைக் கேட்டு நான்கு முறை செய்யுங்கள். மூன்றில் ஒன்றை நான்கு முறையும் குருட்டாம்போக்கில் சரியாகத் தொடும் வாய்ப்பு 81இல் 1 மட்டுமே.

ஆம்-இல்லை கேள்விகளையும் கேட்கலாம், ஆனால் தலையாட்டலை நம்ப வேண்டாம். நம்மவர்கள் பக்கவாட்டில் ஆட்டும் தலை ஆமாவா இல்லையா என்று வெளியார் குழம்புவார்கள். அதோடு சில நோயாளிகளுக்கு அந்தத் தலையசைப்பே குழம்பிப் போயிருக்கும். இரண்டு தாளில் சரி, தவறு குறிகளைப் பெரிதாகப் போட்டு, தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தாளைத் தொட்டால் விடைகளுக்கு மதிப்பில்லை. தாள்களையும் பொருட்களையும் அவருடைய இடது பக்கமாக வையுங்கள், வலப் பக்கப் பார்வை போயிருக்கலாம். வீட்டில் எந்த மொழி பேசுவாரோ அதில் கேளுங்கள். நாற்பது வருடம் தொழிற்சாலையில் மலாய் பேசியவராக இருந்தாலும், தமிழில் கேட்டால் வேறு ஆளாகத் தெரியலாம்.

நம் அம்மா நான்கு முறையும் சரியாகத் தொட்டார்.

படி 3: ஒரே செயலை மூன்று வழியில் கேளுங்கள்

முதல் வழி, வாய்ச்சொல். "அம்மா, உங்கள் கையில் சீப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை வாருவதுபோல் காட்டுங்கள்." அவர் கையைத் தலைக்குக் கொண்டுபோய், விரித்த விரல்களாலேயே முடியைத் தேய்த்தார். விரலையே சீப்பாக்கிவிட்டார். ஆரோக்கியமானவர்களும் இதைச் செய்வதுண்டு, ஆகவே உடனே தவறு என்று எழுதக் கூடாது. ஒரு முறை திருத்துங்கள்: "விரல் வேண்டாம் அம்மா, சீப்பைப் பிடித்திருப்பதுபோல்." இரண்டாம் முறையும் விரல்தான் வந்தது. இப்போது அது தவறு. சுத்தியலுக்கு முஷ்டியை மடக்கினார், ஆனால் மேலும் கீழுமாகப் போக வேண்டிய கை பக்கவாட்டில் ஆடியது. சாவிக்கு மணிக்கட்டு திரும்பவில்லை, தோளில் இருந்து முழுக் கையும் அசைந்தது. பலவீனமான கை மெதுவாகவும் சிறிதாகவும் அசையும், ஆனால் பாதை சரியாக இருக்கும். இங்கே பாதையே தப்புகிறது.

இரண்டாவது வழி, பார்த்துச் செய்தல். நீங்கள் செய்துகாட்டி, "நான் செய்வதுபோல்" என்று சைகை செய்யுங்கள். இதற்கு மொழி ஏறக்குறையத் தேவையில்லை. சொன்னபோது வராதது பார்த்தவுடன் கச்சிதமாக வந்தால், படி 2இல் புரிதல் எப்படி இருந்தது என்று திரும்பிப் பாருங்கள், அங்கே கோளாறு இருக்கலாம். பார்த்தும் வடிவம் தப்பினால், புரியவில்லை என்ற காரணம் நிற்காது. அம்மாவின் கை இம்முறை சீப்பைப் பிடிப்பதுபோல் மூடியது, ஆனால் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்தது. அர்த்தமில்லாத நிலைகள் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: புறங்கையைத் தாடைக்கடியில் வைப்பது, கட்டைவிரலை நெற்றியில் ஊன்றுவது. பழகிய செயலின் துணை இல்லாததால் இவை கடினம்.

மூன்றாவது வழி, நிஜப் பொருள். சீப்பைக் கையில் கொடுத்ததும் அம்மா ஓரளவு இயல்பாக வாரினார். பொருளின் எடையும் வடிவமும் கைக்கு வழி சொல்வதால் ஐடியோமோட்டார் வகையில் இந்த முன்னேற்றம் அடிக்கடி தெரியும். சீப்பைக் கொடுத்தும் அதால் பல் தேய்க்கப் போனால் சிக்கல் வேறு. அப்போது அவருக்குப் பொருள் அடையாளம் தெரிகிறதா என்று தொட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: பல கட்ட வேலை

மைலோ கலக்கச் சொல்லுங்கள். டின், கரண்டி, கோப்பை, கெட்டிப்பால், ஃபிளாஸ்க். டின் மூடியையும் ஃபிளாஸ்க்கையும் திறந்தே வையுங்கள், ஒரு கையால் திறக்க முடியாமல் போவது சோதனை இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், கொதிநீர் கூடாது. ஐடியேஷனல் அப்ராக்சியாவில் தண்ணீரை டின்னுக்குள் ஊற்றுவார்கள், வெறும் கோப்பையைக் கலக்குவார்கள், கரண்டியைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். கவனக் குறைவிலும் படிகள் விடுபடும் என்பதால், ஒரு படி விட்டுப்போனதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தவறான பயன்பாடுதான் வலுவான அடையாளம். அம்மா பால் ஊற்ற மறந்தார், கெட்டிப்பாலைச் சுட்டிக் காட்டியதும் ஊற்றினார்.

படி 5: விரலும் வாயும்

20 சென் நாணயம் ஒன்றைக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் இடையில் சுழற்றச் சொல்லுங்கள். பிடி உறுதியாக இருந்தும், உணர்வு சரியாக இருந்தும் விரல்கள் தனித்தனியாக இயங்காமல் நாணயம் நழுவினால் லிம்ப்-கைனெட்டிக் என்று யோசிக்கலாம். இது மற்ற வகைகள்போல் இரு கையிலும் வராது, பாதிப்புக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் தெரியும். லேசான பலவீனத்தோடு எளிதில் குழம்பும் வகையும் இதுதான். அதனால் தனியாக இதை மட்டும் கண்டால் முடிவு சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய்க்கு, "விளக்கை ஊதி அணைப்பதுபோல்" என்று கேளுங்கள். முகத்தின் ஒரு பக்கம் தொய்ந்திருந்தால் காற்று ஓரமாகக் கசியும், ஆனாலும் ஊதும் முயற்சி வரும். வாய்-முக அப்ராக்சியாவில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார், அல்லது "ஊ" என்று சொல்வார். அதே ஆள், கடையில் கட்டித்தரும் காப்பிப் பொட்டலத்தில் ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்தால் உதடு குவித்து உறிஞ்சலாம். விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்யுங்கள். பேச்சு அப்ராக்சியா தனி வேலை, அதைப் பேச்சுச் சிகிச்சையாளரிடம் விடுங்கள்.

முடிவை எப்படிப் படிப்பது

இந்தப் பிரித்தறிதலின் வேர் 1900இல் பெர்லினில் ஹியூகோ லீப்மான் விவரித்த ஒரு நோயாளியிடம் இருக்கிறது. அவர் வலது கையால் தாறுமாறாகச் செய்ததால் புத்தி பேதலித்தவராகத் தெரிந்தார். லீப்மான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இடது கையால் மட்டும் செய்யச் சொன்னபோது, கட்டளைகளைச் சரியாகவே நிறைவேற்றினார். புரிதல் இருந்தது, கோளாறு ஒரு கையின் செயலில்தான்.

நம் அம்மாவிடம் இடது கையின் பலம் முழுமை, செயலைக் கண்டறிவதில் 4க்கு 4, சொல்லிலும் பார்த்துச் செய்வதிலும் வடிவத் தவறு, நிஜப் பொருளில் முன்னேற்றம், மைலோவில் பொருள் குழப்பம் இல்லை. ஆகவே ஐடியோமோட்டார். அவரே 4க்கு 1 தொட்டிருந்து, பார்த்ததும் எல்லாம் கச்சிதமாகச் செய்திருந்தால், சிக்கல் புரிதலில் என்று எழுதியிருப்போம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், மூளையின் இடது பக்கத்தில் வரும் பக்கவாதத்தில் அது சகஜம். அப்போது வாய்ச்சொல்லில் வந்த தவறுகளை ஒதுக்கிவிட்டு, பார்த்துச் செய்ததையும் நிஜப் பொருளையும் மட்டும் எண்ணுங்கள். நோயாளி தூக்கக் கலக்கத்தில் இருந்தால் எதையும் எண்ண வேண்டாம், மறுநாள் வாருங்கள்.

அட்டையில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதாதீர்கள், அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார். இப்படி எழுதுங்கள்: "இடது கை, பலம் 5/5. செயலைக் கண்டறிதல் 4/4. சீப்பு: சொன்னால் விரலையே பயன்படுத்துகிறார், திருத்தியும் மாறவில்லை, பார்த்துச் செய்தால் உள்ளங்கை திசை தவறு, நிஜச் சீப்பில் ஏறக்குறைய இயல்பு. பயிற்சியைப் பொருளைக் கையில் கொடுத்தே தொடங்கவும்."